பொட்டலத்தில் எவ்வளவு உப்பு?

ரத்த அழுத்தம் இருப்பதாக டாக்டர் சொன்ன நாளிலிருந்து பல வீடுகளில் முதலில் மறைவது ஊறுகாய் ஜாடி. அடுத்தது அப்பளம், கருவாடு. குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை குறையும். மோருக்கு உப்புப் போடுவதும் நின்றுபோகும். இத்தனையும் செய்த வீட்டில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது. பிள்ளைகளின் சாயங்காலத் தின்பண்டம், அவசரத்துக்கு வயிற்றை நிரப்பும் பண்டம் என்றுதான் அதை நினைக்கிறோம். உப்புப் பண்டங்களின் வரிசையில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

சேர்த்துத்தான் ஆக வேண்டும். அதிலும் உறையைப் பிரித்ததும் கையில் விழுகிற அந்தச் சின்ன மசாலா பொட்டலத்தை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் மிக்சரிலும் இருக்கும் உப்பை நம்மால் பிரித்தெடுக்க முடியாது. நூடுல்ஸில் உப்பின் பெரும்பங்கு தனியாகக் கட்டப்பட்டு நம் கைக்கே வருகிறது. எவ்வளவு கொட்டுவது என்பதைச் சாப்பிடுபவரே முடிவு செய்யலாம். கடையில் வாங்கும் உணவுகளில் இப்படியொரு வாய்ப்பு அபூர்வம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

பொட்டலத்தைக் கிழித்துத் தூளை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். மஞ்சள், மிளகாய், மல்லியின் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகப் பளிச்சிடும் பொடிக்கற்கள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை உப்பும் சர்க்கரையும். வேகவைத்த மைதாவுக்கென்று பெரிய ருசி கிடையாது. ஒரு கட்டி நூடுல்ஸுக்கும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீருக்கும் சேர்த்து இந்த ஒரு பொட்டலம்தான் ருசி கொடுத்தாக வேண்டும். அதனால் தூள் கெட்டியான உப்புக் கலவையாகவே தயாராகிறது.

சாப்பாட்டு உப்பின் எடையில் சுமார் 39 சதவீதம் சோடியம். ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை கணக்கில் வருவது இந்தச் சோடியம்தான். பொட்டலத்தில் அது வேறு சில பெயர்களிலும் இருக்கக்கூடும். 621 என்ற எண் மோனோசோடியம் குளுட்டமேட்டைக் குறிக்கும்; நாம் அஜினோமோட்டோ என்று சொல்வது இதைத்தான். 635 என்ற எண்ணும் ருசியைத் தூக்கிக்கொடுக்கும் ஒரு சோடியச் சேர்மத்துக்கு உரியது. சோயா சாஸ் தூள், நீராற்பகுத்த தாவரப் புரதம் என்று எழுதியிருந்தால் அவற்றோடும் உப்பு வருகிறது.

ஆனால் பயத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். 2015-இல் இந்தியாவில் மேகி நூடுல்ஸ் தடை செய்யப்பட்டபோது நாடெங்கும் பேச்சு ஈயத்தைப் பற்றியும் அஜினோமோட்டோவைப் பற்றியுமே இருந்தது. அன்றிலிருந்து ‘அஜினோமோட்டோ இல்லை’ என்ற வாசகத்தை உறையில் பார்த்தாலே பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. உண்மையில் மோனோசோடியம் குளுட்டமேட்டில் சோடியம் 12 சதவீதம்தான். உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. சேர்க்கப்படும் அளவிலும் உப்பே அதிகம். ஆகவே அந்த வாசகம் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அவர் பார்க்க வேண்டியது ஊட்டச்சத்துப் பட்டியலில் சோடியம் என்ற வரியை மட்டும்.

பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் உப்பே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. மாவு பிசையும்போதே அதில் உப்பு சேர்க்கிறார்கள். அதுதான் நூடுல்ஸ் இழைக்கு இழுவையைக் கொடுக்கிறது. மஞ்சள் சாயலும் துள்ளலும் வருவதற்குச் சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்களைச் சேர்ப்பதும் உண்டு. பொட்டலத்தில் எவ்வளவு, கட்டியில் எவ்வளவு என்று நம் ஊர் உறைகள் பொதுவாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஜப்பானியக் கோப்பை நூடுல்ஸ்களில் இழைக்கும் சூப்புக்கும் தனித்தனியாக உப்பளவு அச்சிடும் வழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்தால் இரண்டிலுமே கணிசமான உப்பு இருப்பது தெரியும்.

உறையின் பின்பக்கக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம். உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி உப்புக்கும் கொஞ்சம் குறைவு. காலை இட்லியிலிருந்து ராத்திரி ரசம் வரை எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும்.

உறையில் இருப்பது சோடியம், நம் மனதில் இருப்பது உப்பு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. சோடியத்தின் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் மில்லிகிராம் வந்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு.

கணக்குத் தவறும் இடம் வேறு. பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் ‘100 கிராமுக்கு’ என்ற அளவு. பாக்கெட்டோ 70 கிராம் இருக்கும். குடும்பப் பாக்கெட் என்றால் 280 கிராம் வரை போகும். பக்கத்திலேயே ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று இன்னொரு அளவு இருக்கும். ஒரு பரிமாறல் என்பது பெரும்பாலும் ஒரு கட்டி. பசியோடு உட்காரும் பெரியவர் ஒரு கட்டியோடு எழுந்திருப்பதில்லை. எனவே அச்சிட்ட எண்ணைப் படித்தபின், நாம் எத்தனை கட்டி சாப்பிடுகிறோம் என்பதால் அதைப் பெருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, ஒரு பரிமாறல் அன்றாட வரம்பில் எத்தனை சதவீதம் என்றும் உறையில் காட்ட வேண்டும். சோடியத்துக்கு அந்த வரம்பு 2,000 மில்லிகிராம். கணக்குப் போட நேரமில்லாதவர் அந்தச் சதவீதத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு காவலாளியின் ராத்திரிச் சாப்பாடு

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் ராத்திரிக் காவல் வேலை பார்க்கும் 54 வயதுக்காரர் ஒருவர். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சாப்பிடுகிறார். மாத்திரை தவறுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் 150-க்குக் குறையாமல் காட்டுகிறது. டாக்டர் உப்பைப் பற்றிக் கேட்டால் மனைவி முந்திக்கொண்டு சொல்வார்: “உப்பை ரொம்பக் குறைச்சுட்டேன் டாக்டர். குழம்பே சப்புன்னு இருக்குன்னு வீட்ல எல்லாரும் சத்தம் போடுறாங்க.”

அவர் சொல்வது உண்மைதான். ஆனால் இவர் வாரத்தில் நான்கு ராத்திரி, பன்னிரண்டு மணி வாக்கில், மின்கெட்டிலில் இரண்டு கட்டி நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுகிறார். அது வீட்டுக் கணக்கிலேயே வராது.

அவர் வாங்கும் 70 கிராம் பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 1,100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மசாலா நூடுல்ஸில் இது மிகையான அளவல்ல. ஒரு கட்டிக்கு 770 மில்லிகிராம். இரண்டு கட்டிக்கு 1,540. உப்பாக மாற்றினால் ஏறத்தாழ 4 கிராம். ஒரு நாள் முழுவதுக்குமான வரம்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்த ஒரு கிண்ணத்திலேயே முடிந்துவிட்டது. குழம்பில் சிட்டிகை சிட்டிகையாக மனைவி மிச்சம் பிடித்ததெல்லாம் ராத்திரி ஒரே வேளையில் திரும்பி வந்துவிடுகிறது.

அதே ஆள் சூப்பர் மார்க்கெட்டில் கொரிய ராம்யன் பாக்கெட்டை எடுத்தால் கணக்கு இன்னும் ஏறும். கொரியாவில் விற்கும் ஷின் ராம்யன் 120 கிராம் பாக்கெட்டில் சோடியம் 1,790 மில்லிகிராம். ஒரு பாக்கெட்டே அன்றாட வரம்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம். ஆனால் அது சூப்போடு சாப்பிடும் வகை. சூப்பைக் குடிக்காமல் விட்டால் சோடியத்தில் நல்ல பங்கு கிண்ணத்திலேயே தங்கிவிடும். நம் ஊர் மசாலா நூடுல்ஸில் அந்த வசதி இல்லை. தண்ணீர் வற்றும்வரை வேகவைப்பதால், கொட்டிய தூள் ஒரு துளி மிச்சமின்றி இழையில் ஏறிவிடுகிறது. கொட்டும் நேரத்தில் குறைத்தால்தான் உண்டு.

உடம்புக்குள் நடப்பது

அதிகப்படி சோடியம் ரத்தத்தில் சேர்ந்ததும் தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடிக்கிறோம். உப்பு வெளியேறும்வரை உடம்பு அந்தத் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. நல்ல சிறுநீரகம் இந்தச் சுமையை ஓரிரு நாளில் இறக்கிவிடும். ரத்த அழுத்த நோய் உள்ள பலருக்குச் சிறுநீரகம் அத்தனை எளிதாக இறக்குவதில்லை. அதே அளவு உப்பை வெளியேற்ற அவர்களின் உடம்புக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. வயது ஏற ஏறவும், நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ கூடச் சேரும்போதும் இந்தச் சிக்கல் அதிகமாகும்.

மாத்திரைக்கும் இதில் பங்குண்டு. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்றவை நன்றாக வேலை செய்ய, உடம்பில் உப்பு குறைவாக இருப்பது உதவும். உப்பு மிகுந்தால் அவற்றின் பலன் மங்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதபோது இன்னொரு மாத்திரை கூட்டப்படுகிறது. அந்தக் காவலாளியைப் போன்றவர்களுக்கு அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டுக்கு வெளியே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது.

சூப் தூளை வைத்தே நடந்த சோதனை

இந்தப் பொட்டலத்துக்கு மிக நெருங்கிய பொருளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023 நவம்பரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. சிகாகோ, பர்மிங்காம் நகரங்களைச் சேர்ந்த 50 முதல் 75 வயது வரையிலான 213 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இல்லாதவர்களும், மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பிடாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஒரு வாரம் அவர்கள் வழக்கமான சாப்பாட்டோடு தினமும் இரண்டு சூப் தூள் பொட்டலங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் 1,100 மில்லிகிராம் சோடியம். இன்னொரு வாரம் நாள் முழுவதுக்கும் சேர்த்துச் சுமார் 500 மில்லிகிராம் சோடியம் மட்டுமே உள்ள உணவு தரப்பட்டது. ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் 24 மணி நேரம் கருவியை உடம்பில் மாட்டி அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். சூப் தூள் வாரத்தோடு ஒப்பிட்டால், உப்பு குறைந்த வாரத்தில் மேல் அழுத்தம் 8 புள்ளி இறங்கியிருந்தது. ஒரு பிரஷர் மாத்திரை தரும் பலனுக்கு இது கிட்டத்தட்டச் சமம். நான்கில் மூன்று பேருக்கு இறக்கம் தெரிந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும்தான்.

இதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வழக்கமான சாப்பாட்டோடு இரண்டு பொட்டலத்தைக் கூட்டியபோது அழுத்தம் பெரிதாக ஏறிவிடவில்லை. காரணம், அவர்களின் வழக்கமான சாப்பாடே ஏற்கெனவே உப்பில் ஊறியிருந்தது. நம் நிலையும் அதுதான். இந்தியர்கள் நாளொன்றுக்குச் சாப்பிடும் உப்பு 8 முதல் 11 கிராம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நூடுல்ஸை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டால் பெரிய பலன் வராது. வீட்டில் குறைத்ததும் வெளியில் குறைத்ததும் சேரும்போதுதான் எண் இறங்கும். ஏற்கெனவே வீட்டில் குறைத்துவிட்டவருக்கு நூடுல்ஸ் பொட்டலம்தான் அடுத்த படி.

அடுப்படியில் செய்யக்கூடியது

முதல் வழி, பொட்டலத்தில் பாதியைக் கொட்டுவது. காவலாளியின் கணக்கில் ஒரு கட்டிக்கான 770 மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்கு பொட்டலத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பாதித் தூளை விடுவதால் சுமார் 250 மில்லிகிராம் மிச்சமாகும். மீதி ஏறக்குறைய 520. கட்டியிலும் உப்பு இருப்பதால் கணக்குச் சரிபாதியாகக் குறையாது. கூடவே இரண்டு கட்டியை ஒன்றாக்கி, மீதிப் பசிக்கு ஒரு முட்டையும் கைப்பிடி காய்கறியும் சேர்த்தால், 1,540 இருந்த இடத்தில் 600-க்குள் முடித்துவிடலாம். முட்டைக்கென்று தனியாக உப்புப் போடக் கூடாது, அவ்வளவுதான். மிச்சமான பாதித் தூளை எடுத்துவைத்து மறுநாள் வேறொன்றில் தூவினால் பலன் போய்விடும். தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வழி, கட்டியைத் தனியாக நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுவது. மாவில் இருந்த உப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பிறகு கொஞ்சம் வெந்நீரும் பாதித் தூளும் சேர்த்துப் பிரட்டினால் போதும்.

ருசி குறையுமே என்றால், குறையும். இடித்த மிளகு, சீரகம், நசுக்கிய பூண்டு, வதக்கிய தக்காளி, இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை, மேலே மல்லித்தழை ஆகியவை அதைப் பெருமளவு ஈடுகட்டும். புளிப்பும் காரமும் இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாக நாக்கில் உறைக்காது. சில வாரத்தில் நாக்கும் குறைந்த உப்புக்குப் பழகிவிடும். சோயா சாஸை மட்டும் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். அதில் ஒரு மேசைக்கரண்டியே 900 மில்லிகிராம் சோடியத்தை ஒட்டி இருக்கும்; பொட்டலத்தில் குறைத்ததை மூன்று மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மாற்று உப்பும் மாத்திரையும்

குறைந்த சோடியம் உப்பு என்று கடைகளில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் உப்பை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கினால் அசதி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு எல்லாம் வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நூடுல்ஸைக் குறைத்ததும் எண் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் கூடாது. குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி?

ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு உடனே அழுத்தம் பார்த்து, ஏறவில்லையே என்று தைரியமடைவதில் அர்த்தமில்லை. உப்பின் பாதிப்பு நாள்கணக்கில் சேர்வது. வீட்டில் கையில் கட்டும் கருவி இருந்தால் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் வழக்கம்போல. இரண்டாவது வாரம் நூடுல்ஸும் மற்ற பாக்கெட் பண்டங்களும் இல்லாமல். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ராத்திரியும் அப்படியே. ஒவ்வொரு வாரத்திலும் முதல் நாளை விட்டுவிட்டு மீதி நாள்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுக்கும் அளவுக்கு 135/85 என்பது எல்லை. இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் உடம்பு உப்புக்கு எவ்வளவு அசைகிறது என்று காட்டும். அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோனால், மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்பதற்கு அது உண்மையாகவே உதவும்.

மாதத்தில் ஓரிரு நாள், ஒரு கட்டி, பாதித் தூள் என்றால் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலானவர்களின் கணக்கில் அதற்கு இடமிருக்கிறது. வாரத்தில் நான்கு ராத்திரி, இரண்டு கட்டி, முழுப் பொட்டலம் என்றால் இடமில்லை. வீட்டில் நூடுல்ஸ் கிண்டுபவர் மகளோ பேரனோ ஆனால், தாத்தாவின் பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத் தூளைக் கொட்டும்படி அவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். கலந்தபின் யாராலும் பிரிக்க முடியாது.